முன்பின் தெரியாதவரின் ‘வணக்கம்’: வாட்ஸ்அப்பில் கனிவாகவும் உறுதியாகவும் மறுப்பது எப்படி

கைப்பேசியில் வாட்ஸ்அப் வைத்துக்கொண்ட சில வாரங்களிலேயே அநேகமாக எல்லோருக்கும் இப்படி ஒரு செய்தி வந்துவிடுகிறது. பெயர் தெரியாத ஓர் எண், கோலமோ குழந்தையோ இருக்கும் ஒரு முகப்புப் படம், “வணக்கம் அக்கா, சாப்பிட்டாச்சா?” என்ற ஒற்றை வரி. கும்பகோணத்தில் எங்கள் பகுதி நூலகத்தில் சனிக்கிழமை மாலைகளில் பெரியவர்களுக்குக் கைப்பேசி சொல்லிக்கொடுக்க உட்காரும்போது, என்னிடம் அதிகம் கேட்கப்படுவது பணம் அனுப்பும் முறையைப் பற்றியல்ல, இந்த ஒரு வரிக்கு என்ன பதில் போடுவது என்பதைப் பற்றித்தான். பதில் போடாமல் விட்டால் மரியாதைக் குறைவாகிவிடுமே என்று தயங்குகிறார்கள். பதில் போட்டவர்களோ, மூன்றாம் நாள் சத்துமாவு டப்பாவோ பங்குச்சந்தைக் குழுவோ மருத்துவ உதவி கேட்கும் கணக்கு எண்ணோ வந்து நின்றதும், இவ்வளவு தூரம் பேசிவிட்டு இப்போது எப்படி இல்லையென்பது என்று தவிக்கிறார்கள்.

இந்தத் தவிப்பு உள்ளவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். யாரையும் புண்படுத்தாமல், அதே நேரத்தில் மறுபடி கேட்க இடம் வைக்காமல் மறுப்பதற்கு ஒரு வரிசை இருக்கிறது. அதைப் படிப்படியாகச் சொல்கிறேன்.

முதற்படி: பதிலுக்கு முன் எண்ணைப் பாருங்கள்

செய்தியைத் திறந்துவிட்டாலே பதில் சொல்லக் கடமைப்பட்டுவிட்டதாகப் பலர் நினைக்கிறார்கள். நீல நிறத்தில் இரண்டு குறி விழுந்தால் நீங்கள் படித்துவிட்டீர்கள் என்பது மட்டுமே அவருக்குத் தெரியும். வாசலில் யாரோ கூப்பிட்டால் உடனே எழுந்து போகும் பழக்கம் நமக்கு உண்டு, ஆனால் இங்கே அந்த அவசரம் தேவையில்லை. ஒரு நாள் கழித்துப் பதில் போட்டாலும் அது குறையல்ல.

முதலில் எண்ணின் தொடக்கத்தைப் பாருங்கள். இந்திய எண் +91 என்று தொடங்கும். இலங்கை எண் என்றால் +94, மலேசியா என்றால் +60. உங்களுக்கு அந்த நாடுகளில் உறவோ நட்போ இருந்தால் அது இயல்பான செய்தியாக இருக்கலாம். 2023ஆம் ஆண்டு மே மாத வாக்கில் இந்தியாவில் ஏராளமானோருக்கு இந்தோனேசியாவின் +62, வியட்நாமின் +84, கென்யாவின் +254, எத்தியோப்பியாவின் +251 போன்ற எண்களிலிருந்து அழைப்புகளும் ‘ஹலோ’க்களும் வந்து குவிந்தன. அந்த ஊர்களில் உங்களுக்கு ஒருவரும் இல்லையென்றால், அத்தகைய எண்ணுக்குப் பதிலே வேண்டாம், நேராகத் தடுத்துவிடலாம். இதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை, ஏனெனில் அந்தச் செய்தி உங்களை நினைத்து எழுதப்பட்டதல்ல. அதே வரி அதே நிமிடத்தில் வேறு பல எண்களுக்கும் போயிருக்கும்.

+91 என்று தொடங்குவதாலேயே ஓர் எண் நம்பகமானதாகிவிடாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆயினும் உள்ளூர் எண்ணாக இருந்தால் அது பழைய மாணவராகவோ, எண் மாற்றிய சித்தப்பா மகனாகவோ, எரிவாயு உருளை கொண்டுவருபவராகவோ இருக்க வாய்ப்பு உண்டு. அதனால் அங்கே ஒரே ஒரு பதில் போடலாம்.

இரண்டாம் படி: நலம் விசாரிப்புக்கு அல்ல, வந்த காரியத்துக்குப் பதில்

“சாப்பிட்டாச்சா?” என்று கேட்டால் “சாப்பிட்டேன், நீங்க?” என்று சொல்வது நம் நாவில் ஊறிப்போன வழக்கம். அந்த வழக்கத்தை நம்பித்தான் அந்த வரி எழுதப்பட்டிருக்கிறது. நீங்கள் திருப்பி நலம் கேட்டுவிட்டால் பழக்கம் தொடங்கிவிட்டது. பிறகு ஊர் எது, பிள்ளைகள் எத்தனை, வீட்டில் யார் யார் என்று பேச்சு நீளும். ஒவ்வொரு விவரமும் பின்னால் ஒரு வேண்டுகோளுக்குக் கைப்பிடியாகும். ஆகவே முதல் பதில் இப்படி இருக்கட்டும்:

“வணக்கம். இந்த எண் என் கைப்பேசியில் பதிவாகவில்லை. நீங்கள் யார், என்ன விஷயமாக எழுதுகிறீர்கள் என்று சொல்லுங்கள்.”

இதில் வணக்கம் இருக்கிறது, கடுமை இல்லை. ஆனால் உங்கள் பெயரோ ஊரோ இதில் இல்லை என்பதைக் கவனியுங்கள். “நீங்க மாலதி அக்காதானே?” என்று கேட்டு வரும் செய்திக்கு, “இல்லைங்க, நான் மாலதி இல்லை, என் பெயர் இன்னது, நான் இன்ன ஊர்” என்று திருத்துவதும் நம்மில் பலர் செய்வதுதான். தவறான எண் என்று மட்டும் சொன்னால் போதும். சரியான பெயரைக் கொடுத்தால் அடுத்த செய்தி அந்தப் பெயரைச் சொல்லியே வரும்.

உண்மையான காரியம் உள்ளவர் இந்தக் கேள்விக்கு உடனே பதில் சொல்வார். “டீச்சர், நான் உங்களிடம் எட்டாவது படித்தவன், கல்யாணப் பத்திரிகை அனுப்பணும்” என்று வந்தால் குழப்பமே இல்லை. நேர்மையான விற்பனையாளரும் சொல்லிவிடுவார். சொல்ல வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. வீட்டுக்கு வீடு, ஆளுக்கு ஆள் பொருள் விற்கும் நேரடி விற்பனைக்காக 2021 டிசம்பரில் மத்திய அரசு வெளியிட்ட விதிகளின்படி, அப்படி விற்பவர் பேச்சைத் தொடங்கும்போதே, நாம் கேட்காமலேயே, தான் யார், எந்த நிறுவனத்தின் சார்பில் வந்திருக்கிறார், என்ன பொருள், எதற்காகப் பேசுகிறார் என்பதைத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். எனவே “நீங்கள் யார், என்ன விஷயம்?” என்று கேட்பது முகத்தில் அடிப்பதுபோல் ஆகாது. அவர் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டியதைத்தான் நீங்கள் கேட்கிறீர்கள்.

“சும்மாதான் அக்கா, உங்க போட்டோ பார்த்தேன், நல்லவங்களா தெரிஞ்சது, பேசலாம்னு தோணுச்சு” என்று பதில் வந்தால், கேட்ட கேள்விக்கு விடை வரவில்லை என்று பொருள். அந்த மழுப்பலே போதுமான விவரம். அப்போது இன்னொரு வரி போதும்: “முன்பின் தெரியாதவர்களுடன் நான் வாட்ஸ்அப்பில் பேசுவதில்லை. நன்றி, வணக்கம்.” அதன்பின் எது வந்தாலும் பதில் வேண்டாம்.

உறவுச் சொல் பற்றி ஒரு வார்த்தை

இது தமிழில் எழுதுகிறவர்களுக்கே உரிய சிக்கல் என்பதால் சற்று நின்று சொல்கிறேன். அக்கா, அண்ணா, அம்மா என்று தெரியாதவரைக்கூட உறவு வைத்து அழைப்பது நம் பேச்சின் அழகு. காய்கறிக்காரரும் பேருந்து நடத்துநரும் அப்படித்தான் அழைக்கிறார்கள், அதில் குற்றமில்லை. ஆனால் அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒரு கடமையும் வந்துவிடுகிறது. “அக்கா” என்று அழைத்தவரிடம் மறுப்பதைவிட “மேடம்” என்று அழைத்தவரிடம் மறுப்பது எளிது என்பதை நீங்களே உணர்ந்திருப்பீர்கள்.

அவர் எப்படி அழைத்தாலும், உங்கள் பதிலில் ‘நீங்கள்’ என்ற மரியாதைப் பன்மை மட்டும் போதும். “தம்பி”, “தங்கச்சி”, “ம்மா” எதுவும் வேண்டாம். அவரை உறவு சொல்லி அழைக்காததால் பதில் கடுமையாகிவிடாது. மறுக்கும் வரியில் “சாரிம்மா” என்று சேர்த்துவிட்டால் அந்த ‘ம்மா’வைப் பிடித்துக்கொண்டு அடுத்த வேண்டுகோள் வரும். அதே காரணத்துக்காக, கையெடுத்துக் கும்பிடும் படத்தைத் தவிர வேறு சிரிப்புப் படங்களையும் தவிர்த்துவிடுங்கள். உங்கள் ‘வேண்டாம்’ பக்கத்தில் சிரிக்கும் முகம் இருந்தால், எதிரில் இருப்பவர் சிரிப்பைத்தான் படிப்பார்.

மூன்றாம் படி: ‘பார்க்கலாம்’ என்று சொல்லாதீர்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் நினைவில் வைக்க முடியும் என்றால், இதை வைத்துக்கொள்ளுங்கள். நமக்குள் ‘பார்க்கலாம்’ என்றால் பெரும்பாலும் ‘இல்லை’ என்றுதான் பொருள். “யோசிச்சு சொல்றேன்”, “அப்புறம் பேசலாம்”, “வீட்ல கேட்டுட்டு சொல்றேன்” எல்லாம் அதே குடும்பம். நேரில் பேசும்போது குரலும் முகமும் அந்தப் பொருளைச் சொல்லிவிடும். எழுத்தில் குரல் இல்லை. விற்க வந்தவர் அதை ஒரு தேதியாகத்தான் குறித்துக்கொள்வார், அப்படிக் குறித்துக்கொள்ளத்தான் அவருக்குப் பயிற்சியும் கொடுத்திருப்பார்கள்.

எங்களிடம் வரும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவருக்கு நடந்ததை அவருடைய அனுமதியோடு சொல்கிறேன். மார்கழி மாதத்தில் ஒரு நாள் காலை அவருக்கு நான் மேலே சொன்ன அதே வரி வந்தது. இவரும் சாப்பிட்டாயிற்று என்று பதில் போட்டு, நாலைந்து நாள் கோலம், கோயில், மூட்டுவலி என்று பேச்சு நடந்தது. ஐந்தாம் நாள், 1,850 ரூபாய் விலையில் ஒரு சத்துமாவு டப்பாவின் படம் வந்தது. ஆசிரியைக்கு வாங்கும் எண்ணம் துளியும் இல்லை. ஆனால் “பொங்கல் கழியட்டும்மா, பார்க்கலாம்” என்று எழுதிவிட்டார். பிரச்சினை முடிந்தது என்று அவர் நினைத்தார். காணும் பொங்கலுக்கு மறுநாள் செய்தி வந்தது: “பொங்கல் நல்லா போச்சா அக்கா? சொன்னீங்களே, டப்பா எடுத்து வெச்சிருக்கேன்.”

அதன்பின் நடந்ததுதான் கவனிக்க வேண்டியது. கையில் இப்போது பணம் இல்லை என்றார் ஆசிரியை. பாதி இப்போது, பாதி அடுத்த மாதம் தந்தால் போதும் என்று பதில் வந்தது. எனக்குச் சர்க்கரை இருக்கிறது, மாவு ஒத்துக்கொள்ளாது என்றார். சர்க்கரைக்காரர்களுக்கென்றே தனிப் பொடி இருக்கிறது என்று இன்னொரு படம் வந்தது, அதன் விலை இன்னும் கூடுதல். மகனைக் கேட்காமல் நான் எதுவும் வாங்குவதில்லை என்றார். “அண்ணன் நம்பர் குடுங்க அக்கா, நானே பேசுறேன்” என்று வந்தது. ஆசிரியை கைப்பேசியோடு நூலகத்துக்கு வந்தது அன்றைக்குத்தான்.

மூன்று காரணங்களும் உண்மையானவை. ஆனால் நாம் சொல்லும் ஒவ்வொரு காரணமும் எதிரில் இருப்பவருக்குத் தீர்த்துவைக்க வேண்டிய ஒரு தடையாகத்தான் தெரியும். பணமில்லை என்றால் தவணை, உடம்புக்கு ஆகாது என்றால் வேறு பொருள், மகன் என்றால் மகனின் எண். காரணம் சொல்லாத ‘வேண்டாம்’ என்பதற்கு மட்டும் தீர்வு கிடையாது. காரணம் சொல்லாவிட்டால் திமிராகத் தெரியுமே என்று ஆசிரியையும் கேட்டார். காரணம் கேட்கும் உரிமை நம் வீட்டு மனிதர்களுக்கு உண்டு, விற்க வந்தவருக்கு இல்லை என்றுதான் அவருக்குச் சொன்னேன்.

மறுக்கும் வரியை எழுதுவது

இருவரும் உட்கார்ந்து எழுதிய செய்தி இது:

“வணக்கம். எனக்கு இந்தப் பொருள் வேண்டாம், இனிமேலும் வாங்கப்போவதில்லை. முன்பு ‘பார்க்கலாம்’ என்று சொல்லி உங்களைக் காக்கவைத்தது என் தவறு. உங்கள் தொழில் நல்லபடி நடக்கட்டும்.”

முதல் வரியில் ‘இந்தப் பொருள் வேண்டாம்’ என்பதோடு ‘இனிமேலும்’ என்ற சொல்லும் இருக்கிறது. அது இல்லாவிட்டால் தீபாவளிக்கு மறுபடி வரும். ‘முடியவில்லை’, ‘இயலாத நிலை’ போன்ற சொற்களை வேண்டுமென்றே தவிர்த்தோம், அவை நிலைமை மாறினால் முடியும் என்று பொருள் தருபவை. இரண்டாவது வரி எல்லோருக்கும் தேவைப்படாது. முன்பே நம்பிக்கை கொடுத்துவிட்டவர்கள் மட்டும் சேர்த்துக்கொள்ள வேண்டியது. அது வெறும் உபசாரமும் அல்ல, ஏனென்றால் அந்தப் பெண் உண்மையாகவே ஒரு டப்பாவை எடுத்துவைத்திருக்கக்கூடும். இப்படி விற்பவர்களில் பலர் தாங்களே முதலில் பணம் போட்டுப் பொருளை வாங்கி வீட்டில் அடுக்கிவைத்திருக்கும் பெண்கள். அவர்களை ஏமாற்றுக்காரர்களாக நடத்த வேண்டியதில்லை. தெளிவான ‘வேண்டாம்’ அவர்களுக்கும் நேரத்தை மிச்சப்படுத்தும்.

எதை எழுதக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பொருளைக் குறை சொல்லாதீர்கள், விலை அதிகம் என்று எழுதாதீர்கள். அது பேரம் பேசுவதாகிவிடும், தள்ளுபடி வரும். “என் தோழி ஒருத்திக்கு வேண்டியிருக்கும், அவளைக் கேளுங்கள்” என்று இன்னொருவர் எண்ணைக் கொடுத்துத் தப்பிப்பதும் வேண்டாம். அது நம் சுமையை இன்னொருவர் தலையில் இறக்கிவைப்பது.

நான்காம் படி: இரண்டாவது தள்ளுதல்

தெளிவாக மறுத்தபிறகும் ஒரு தடவை கட்டாயம் திரும்பக் கேட்பார்கள். அதை எதிர்பார்த்தே இருங்கள். ஆசிரியைக்கு வந்தது இது: “ஒண்ணே ஒண்ணு எடுத்துக்குங்க அக்கா, இந்த மாசம் டார்கெட் முடியலைன்னா எனக்கு ரொம்பக் கஷ்டம்.” இது மனதைத் தொடும் வரி, உண்மையாகவும் இருக்கலாம். இங்கே புதிதாக எதுவும் யோசிக்காமல், முன்பு சொன்னதையே சுருக்கித் திருப்பிச் சொல்வதுதான் வழி. புதிய சொற்கள் வந்தால் புதிய காரணங்களும் கூடவே வந்துவிடும்.

“உங்கள் சிரமம் புரிகிறது. என் பதில் அதேதான், வேண்டாம். இத்துடன் இந்தப் பேச்சை முடித்துக்கொள்கிறேன். வணக்கம்.”

இரண்டு நீலக் குறிகள் விழுந்தன, பதில் இல்லை. இரண்டு நாள் கழித்து ரோஜாப்பூவோடு ஒரு காலை வணக்கப் படம் வந்தது, அதன் கீழேயே மாவின் புதிய சலுகை விளம்பரம். ஆசிரியை அதற்குப் பதில் போடாமல் அந்த எண்ணைத் தடுத்தார். முதலில் சங்கடப்பட்டார், தடுத்தது அவளுக்குத் தெரிந்து மனம் நோகுமே என்று. தடுக்கப்பட்டவருக்கு வாட்ஸ்அப் எந்த அறிவிப்பும் அனுப்புவதில்லை. அவர் அனுப்பும் செய்தியில் ஒற்றைக் குறி மட்டும் விழும், அவ்வளவுதான். இரண்டு முறை தெளிவாக மறுத்தபிறகு மூன்றாவதற்கு மௌனமும் தடுப்பும் போதும். அதற்கு முன் தடுப்பது சில நேரம் அவசரம், அதற்குப் பின்னும் பேசிக்கொண்டிருப்பது நமக்கே தீங்கு.

பொருளுக்குப் பதில் ‘வாய்ப்பு’ வந்தால்

டப்பாவை வாங்கச் சொல்லாமல், “நீங்களும் சேர்ந்து சம்பாதிக்கலாம்” என்று வருவதும் உண்டு. கீழே ஆள் சேர்ப்பதற்காகவே பணம் வரும் பிரமிடு முறையை நான் மேலே சொன்ன 2021 விதிகள் தடைசெய்கின்றன. பொருள் விற்று வரும் லாபத்தைவிட ஆள் சேர்த்தால் வரும் தொகையைப் பற்றியே பேச்சு அதிகம் இருந்தால், அது எந்த வகை என்று புரிந்துகொள்ளலாம். விவாதம் வேண்டாம். “நான் எந்தத் தொழிலிலும் சேரப்போவதில்லை, கூட்டத்துக்கும் வரமாட்டேன்” என்று எழுதுங்கள். ‘கூட்டத்துக்கும்’ என்பது அவசியம், ஏனெனில் அடுத்த வரி அநேகமாக “சேர வேண்டாம், ஒரு மணி நேரம் வந்து கேட்டாலே போதும்” என்பதாகத்தான் இருக்கும்.

பங்குச்சந்தை என்று வந்தால் கனிவுக்கே இடமில்லை. முதலீட்டு ஆலோசனை தருபவர், பங்குச்சந்தையை ஒழுங்குபடுத்தும் அமைப்பான செபியிடம் பதிவுசெய்திருக்க வேண்டும். பதிவு எண் ஆலோசகருக்கு INA என்றும் பங்கு ஆய்வாளருக்கு INH என்றும் தொடங்கும். ஆனால் எண் ஒன்றை அனுப்பிவைப்பதால் அவர் அந்த எண்ணுக்கு உரியவர் என்று ஆகிவிடாது. வாட்ஸ்அப்பில் தானாக வந்து நலம் விசாரித்து லாபம் காட்டுபவரிடம் எண்ணைச் சரிபார்க்கும் வேலையே வேண்டாம் என்பது என் கருத்து. ஒரு காணொளிக்கு விருப்பக் குறி போட்டால் 150 ரூபாய் என்று தொடங்கும் பகுதிநேர வேலைச் செய்தியும் இதே வகைதான். முதலில் உண்மையாகவே சிறு தொகை வரும், பின்பு பெரிய ‘பணி’க்கு முன்பணம் கேட்பார்கள். பதில் போடாமல் தடுத்துவிடுங்கள்.

அப்போதும் வசை வேண்டாம் என்று நான் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. 2022இல் நல்ல வேலை என்று நம்பித் தாய்லாந்துக்குப் போன தமிழக இளைஞர்கள் சிலர், மியான்மரின் மியாவடிப் பகுதிக்குக் கடத்தப்பட்டு, இணைய மோசடி வேலை செய்யும்படி கட்டாயப்படுத்தப்பட்டு, பிறகு மீட்கப்பட்டுச் சென்னை வந்து சேர்ந்தார்கள். அந்த ‘ஹலோ’வைத் தட்டச்சு செய்யும் விரல் யாருடையது என்று நமக்குத் தெரியாது. பணம் போகாமல் காத்துக்கொள்வதற்குத் திட்ட வேண்டிய தேவையும் இல்லை.

உதவி கேட்டு வந்தால்

மறுப்பதற்கு மிகவும் கடினமானது இதுதான். குழந்தைக்கு அறுவை சிகிச்சை, மருத்துவமனைப் படுக்கையில் எடுத்த படம், கீழே ஒரு யுபிஐ எண். இப்படி வருபவற்றில் உண்மையானவையும் இருக்கின்றன என்பதால் எல்லாவற்றையும் பொய்யென்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. எனவே இங்கே மட்டும் பதிலில் ஒரு வழியைத் திறந்துவைக்கலாம்:

“உங்கள் நிலைமை அறிந்து வருந்துகிறேன். தனிப்பட்ட கணக்குக்கு நான் பணம் அனுப்புவதில்லை. எந்த மருத்துவமனை, நோயாளியின் பதிவு எண் என்ன என்று சொன்னால், நானே மருத்துவமனையை அழைத்து விசாரித்துக்கொள்கிறேன்.”

இதன்பின் மருத்துவமனையின் தொலைபேசி எண்ணை அவரிடம் கேட்காதீர்கள், அவர் கொடுத்தாலும் அழைக்காதீர்கள். அதை நீங்களாகவே தேடி எடுங்கள். விசாரித்து உண்மையென்று தெரிந்தால் மருத்துவமனையின் கணக்கிலேயே செலுத்த முடியுமா என்று கேளுங்கள். உண்மையில் அல்லாடுபவர் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்படுவது அரிது. “நம்பிக்கை இல்லைன்னா விடுங்க, ஒரு உயிரு போனா உங்க மேலதான்” என்று வந்தால் உரையாடல் அங்கேயே முடிந்தது. அதற்குப் பதில் எழுத வேண்டாம், எழுதாததற்காக இரவு தூக்கம் கெடவும் வேண்டாம்.

உதவ விருப்பமில்லை அல்லது வசதியில்லை என்றால், விசாரிக்கவே வேண்டாம். “என்னால் இதில் உதவ இயலாது. குழந்தை நலமடையட்டும்” என்று முடித்துக்கொள்ளலாம். விசாரித்துவிட்டு மறுப்பது இருவருக்கும் வலி.

பதிலே கூடாத இடங்கள்

ஓடிபி எண்ணைக் கேட்பவர், பணம் வருவதற்கு யுபிஐ பின்னை அழுத்தச் சொல்பவர், காவல்துறை என்று சொல்லி ‘டிஜிட்டல் கைது’ செய்திருப்பதாக மிரட்டுபவர் ஆகியோருக்குக் கனிவான வரி எதையும் தேட வேண்டாம். யுபிஐ பின் பணம் அனுப்புவதற்குத்தான், பணம் பெறுவதற்கு அது ஒருபோதும் தேவைப்படாது. டிஜிட்டல் கைது என்று நம் சட்டத்தில் எதுவும் இல்லை. பேச்சைத் துண்டித்துவிடுங்கள்.

தடுப்பதற்கு முன் ஒரு விஷயம். பணம் எதுவும் போயிருந்தால், அல்லது மிரட்டல் வந்திருந்தால், முதலில் உரையாடலையும் எண்ணையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தடுக்கும்போது புகாரும் சேர்த்துச் செய்தால் உரையாடல் அழிந்துவிடக்கூடும். அந்த எண்ணின் உரையாடலைத் திறந்து மேலே பெயர் இருக்கும் இடத்தைத் தொட்டு, கீழே நகர்ந்தால் Block, Report என்று இரண்டு வரிகள் தெரியும். Report செய்தால் அவர் கடைசியாக அனுப்பிய சில செய்திகள் வாட்ஸ்அப் நிறுவனத்துக்குப் போகும், அவருக்கு அது தெரிவிக்கப்படாது. பொருள் விற்க வந்த சாதாரணப் பெண்ணுக்கு Block மட்டும் போதும். Report என்பதை ஏமாற்ற வந்தவர்களுக்காக வைத்துக்கொள்ளுங்கள்.

பணம் போய்விட்டது என்றால் வெட்கப்பட்டு ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாமல் 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணை அழையுங்கள், அல்லது cybercrime.gov.in தளத்தில் புகார் பதியுங்கள். பணம் இன்னொரு கணக்குக்கு மாற்றப்படுவதற்குள் சொன்னால்தான் அதை நிறுத்திவைக்க வாய்ப்பு அதிகம். பணம் போன நேரம், தொகை, பரிவர்த்தனை எண் மூன்றையும் ஒரு தாளில் எழுதிக் கையில் வைத்துக்கொண்டு அழைத்தால் வேலை விரைவாக நடக்கும்.

கடைசியாக, இத்தகைய ‘வணக்கங்கள்’ குறைவதற்குச் சிறு ஏற்பாடு ஒன்று செய்துவைக்கலாம். வாட்ஸ்அப்பில் Settings, அதற்குள் Privacy என்ற பகுதிக்குப் போய், Profile photo, Last seen and online, Groups ஆகியவற்றை My contacts என்று மாற்றுங்கள். உங்கள் படத்தையும் நீங்கள் எப்போது விழித்திருக்கிறீர்கள் என்பதையும் தெரியாதவர் பார்க்க முடியாது, கேட்காமல் குழுவில் சேர்க்கவும் முடியாது. அதே பகுதியில் Calls என்பதற்குள் Silence unknown callers என்று ஒன்று இருக்கிறது. அதை இயக்கினால் தெரியாத எண்ணிலிருந்து வரும் வாட்ஸ்அப் அழைப்பு ஒலிக்காது, பட்டியலில் மட்டும் பதிவாகும். ஆசிரியை இதையெல்லாம் தன் கையாலேயே மாற்றிவிட்டு, முன்பு எழுதிய இரண்டு மறுப்பு வரிகளையும் தனக்குத்தானே ஒரு செய்தியாக அனுப்பி வைத்துக்கொண்டார், அடுத்த முறை தேடாமல் எடுத்து ஒட்டுவதற்கு.